20க்கு 14 வாங்கிய கட்டுரையின் ஓரத்தில்

மோசமான கட்டுரைக்கு ஓரக்குறிப்பு எழுதுவது சுலபம். எங்கே தவறு என்று கண்ணுக்குத் தெரியும், சுழித்துவிடலாம். திணறவைப்பது நன்றாக எழுதப்பட்ட கட்டுரைதான். தகவல் சரி, ஆண்டுகள் சரி, சிறுதலைப்புகள் ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடிட்டு அழகாக நிற்கின்றன. எதைத் திருத்துவது? பெரும்பாலும் நாம் 'நன்று' என்று எழுதிவிட்டு 14 போடுகிறோம். கொஞ்சம் மனச்சாட்சி உறுத்தினால் 'இன்னும் விரிவாக எழுதலாம்' என்று சேர்க்கிறோம். அந்த மாணவி அடுத்த முறை ஆறு பக்கத்துக்குப் பதில் எட்டுப் பக்கம் எழுதுவாள். மதிப்பெண் 14தான் இருக்கும்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறேன். மாதிரித் தேர்வு விடைத்தாள் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன், எழுதிய மாணவியிடம் சொல்லிவிட்டுத்தான். கேள்வி இது: '1876–78 சென்னை மாகாணப் பெரும்பஞ்சத்துக்கு மழை பொய்த்ததே முதன்மைக் காரணம் என்னும் கூற்றை ஆராய்க.' ஊர்ப்பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதுதான்.

அவள் எழுதியதன் சுருக்கம்: 1876ல் பருவமழை பொய்த்தது. விளைச்சல் இல்லை, தானிய விலை ஏறியது. ரயில் இருந்தும் மக்கள் பட்டினி கிடந்தார்கள். ஏற்றுமதி நிற்கவில்லை. வைஸ்ராய் லிட்டன் பிரபு சந்தையில் அரசு தலையிடக்கூடாது என்றார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். 55 லட்சம் பேர் இறந்தார்கள். பஞ்ச நிவாரணமாக பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டது. 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. 'இவ்வாறு இயற்கை, பொருளாதாரம், அரசியல் ஆகிய பல காரணங்களால் பஞ்சம் ஏற்பட்டது' என்று முடித்திருந்தாள்.

இதில் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு மதிப்பெண் விழும். ஆனால் 'ஆராய்க' என்ற கேள்விக்கு அவள் பட்டியல் தந்திருக்கிறாள். காரணங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை. அவற்றைப் பேசவைத்தால் 14 மேலே போகும். அதை அவள்தான் செய்யவேண்டும். நான் எங்கே தட்டவேண்டும் என்பதுதான் என் வேலை.

முதல் வாசிப்பில் நான் பேனா எடுப்பதில்லை. கையில் பென்சில் இருந்தால் இரண்டாவது வரியிலேயே சந்திப்பிழை திருத்தத் தொடங்கிவிடுவேன். அப்புறம் கட்டுரை கண்ணில் படாது, வரிகள்தான் படும். முழுக்க வாசித்து முடித்த பிறகு என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இவள் தனக்கே தெரியாமல் நல்ல இடம் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துபோனது எங்கே? நன்றாக எழுதுகிற பிள்ளைகளின் தாளில் அப்படி ஓர் இடம் அநேகமாக இருக்கும். போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த சிறுதலைப்புக்குத் தாவியிருப்பார்கள்.

இந்தத் தாளில் அது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. டெம்பிளைப் பற்றிய பத்தியின் கடைசியில், கூடுதல் தகவல் போல ஒரு வரி: 'இவர் ஏற்கெனவே 1873–74ல் பீகார் பஞ்சத்தில் நிவாரணப் பணி செய்தவர்.' அவ்வளவுதான்.

இந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1873ல் வங்காள மாகாணத்தின் பீகார் பகுதியில் மழை பொய்த்தது. டெம்பிள் அங்கே பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்தார், தாராளமாக நிவாரணம் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, தேவைக்கு மேல் செலவழித்தார் என்ற கண்டனம். மூன்றே வருஷம் கழித்து, 1877 ஜனவரியில், அதே மனிதரை லிட்டன் சிக்கனம் பார்க்கச் சொல்லிச் சென்னைக்கு அனுப்புகிறார். இந்த முறை அவர் ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியை வெட்டுகிறார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம், ஒரு நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு.

மழை பொய்ப்பதுதான் முதன்மைக் காரணம் என்ற கூற்றைச் சோதிக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இரண்டு இடத்திலும் மழை பொய்த்தது, இரண்டு இடத்திலும் ஒரே அதிகாரி, முடிவு மட்டும் வேறு. அவளுடைய கட்டுரையின் முதுகெலும்பு ஐந்தாம் பக்கத்தில் துணுக்குச் செய்தியாகக் கிடந்தது.

இங்கேதான் ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும். மேலே நான் எழுதிய பத்தியை அப்படியே ஓரத்தில் எழுதிவிடலாம். எழுதினால் என்ன ஆகும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். அடுத்த வாரம் நம் வாக்கியமே, நம் காற்புள்ளியோடு, அவள் கையெழுத்தில் திரும்பி வரும். அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஆகவே ஓரத்தில் இவ்வளவுதான் எழுதினேன்:

'பீகாரில் மழை பெய்ததா? அங்கே எத்தனை பேர் இறந்தார்கள்? பார்த்துவிட்டு, இந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்.'

இதில் மூன்று விஷயம் கவனித்தேன். விடை இல்லை, ஆனால் விடையை எங்கே தேடுவது என்பது இருக்கிறது. தேடினால் ஒரு மணி நேரத்தில் நூலகத்தில் கிடைக்கிற விஷயம். கடைசியாக, தகவலைச் சேர்ப்பதோடு அவள் நிறுத்திவிட முடியாது, கட்டுரையின் அமைப்பையே தொட்டாகவேண்டும். 'ஒப்பிட்டு எழுதுக' என்று மட்டும் எழுதியிருந்தால் பீகாரைப் பற்றி இன்னொரு சிறுதலைப்பு போட்டு நிரப்பியிருப்பாள்.

என் குறிப்பைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. விடைத்தாளைக் கவிழ்த்துவிட்டு என் குறிப்பை மட்டும் பார்ப்பேன். அது வகுப்பில் வேறு யார் தாளிலும் பொருந்துமானால் அழித்துவிடுவேன். 'தெளிவு தேவை', 'சான்று தருக', 'முடிவுரை வலுவாக இல்லை' எல்லாம் இந்தச் சோதனையில் அடிபட்டுப்போகும். அமெரிக்காவில் நான்சி சாமர்ஸ் என்பவர் 1982ல் ஆசிரியர்களின் குறிப்புகளை ஆராய்ந்து இதையேதான் சொன்னார்: பெரும்பாலான குறிப்புகள் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல, எந்தத் தாளிலிருந்து எந்தத் தாளுக்கு மாற்றினாலும் பொருந்துகின்றன. நம்மூர் விடைத்தாள் கட்டு ஒன்றை அவர் பார்த்திருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பார்.

இரண்டாவது குறிப்பு கூலிப் பத்தியில். 'டெம்பிள் கூலியைக் குறைத்தார். இதனால் பலர் இறந்தனர்' என்று இருந்தது. உண்மைதான், ஆனால் கூலிக்கும் சாவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சொல்லாமல் தாண்டியிருந்தாள். ஓரத்தில் எழுதினேன்: 'அந்தக் கூலி போதாது என்று அப்போதே சொன்ன அதிகாரி யார்? எதை வைத்துச் சொன்னார்?'

அவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மருத்துவர். கடும் உழைப்பு செய்கிற உடம்புக்கு ஒரு பவுண்டு தானியம் காணாது, பருப்பும் காயும் இல்லாமல் தாங்காது என்று டெம்பிளோடு எழுத்திலேயே மோதினார். சென்னை அரசு சில மாதங்களில் கூலியை உயர்த்தவும் வேண்டியிருந்தது. மாணவர்கள் இப்படிப்பட்ட ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரையின் குரலே மாறிவிடும். 'பிரிட்டிஷார் இரக்கமற்றவர்கள்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிற்கமுடியாது. அரசுக்குள்ளேயே சண்டை நடந்தது, ஒரு தரப்பு ஜெயித்தது, அப்புறம் பின்வாங்கியது என்று எழுதவேண்டி வரும். அன்றைக்கே வேறு வழி தெரிந்திருந்தது என்பதற்கும் கார்னிஷ்தான் சாட்சி. 'அந்தக் காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று யாரும் சப்பைக்கட்டு கட்டமுடியாது.

மூன்றாவது, பக்கிங்காம் கால்வாய். அரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர், சென்னை நகருக்குள் கால்வாயை இணைத்த பகுதியை 1877–78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது, எல்லாம் சரி. கேள்விக்கு இது என்ன செய்கிறது என்றால் ஒன்றும் செய்யவில்லை. தெரிந்ததால் எழுதியிருக்கிறாள், தேர்வு எழுதுகிற எல்லோரும் செய்வதுதான். நான் அடித்துவிடவில்லை. நன்றாக எழுதும் மாணவி ஆசையாக எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினால் அடுத்த முறை பயந்து எழுதுவாள். பக்கவாட்டில் ஒரு நெளிகோடு போட்டு, 'இதை வெட்டு, இல்லையென்றால் கூலிப் பத்திக்குள் கொண்டுபோ. எது சரி என்று நீயே முடிவு செய்' என்று எழுதினேன்.

நான்காவது, அந்த 55 லட்சம். 'யார் கணக்கு? எப்படி எண்ணினார்கள்?' என்று எழுதினேன். இந்தப் பஞ்சத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒற்றை எண் கிடையாது. பஞ்சம் முற்றியபோது கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவே நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு மதிப்பிட்டார்கள். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை அந்தப் பத்து வருஷத்தில் சுமார் 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சமாக இறங்கியது. ஆனால் குறைந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் உண்டு, பிறக்காமல் போன குழந்தைகளும் உண்டு. மைசூர், பம்பாய், ஐதராபாத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். அதனால்தான் 50 லட்சத்தைச் சற்றே தாண்டியது என்பவர்களும் 80 லட்சத்தைத் தாண்டியது என்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் அவள் எழுதத் தேவையில்லை. ஒரு எண்ணைப் போடும்போது அது எண்ணியதா, மதிப்பிட்டதா என்று தெரிந்து போட்டால் போதும். நான்கு குறிப்பிலும் இதுதான் சின்னது. ஆனாலும் விட மனசில்லை, எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வரலாற்று மாணவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது.

நான்கோடு நிறுத்தினேன். எழுத்துப் பிழைகளுக்கு வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன், பிழை எது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். குறிப்பு பத்தைத் தாண்டினால் மாணவர்கள் சுலபமானவற்றைத் திருத்திவிட்டுக் கடினமானதை விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமுடியாது. ஓரத்தில் எல்லாக் குறிப்பும் ஒரே பென்சிலில் ஒரே அளவில் இருக்கிறது, எது பெரிது என்று எப்படித் தெரியும்? அதனால் முதல் பக்கத்தின் தலையில், 'ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்கு' என்று எழுதிவைத்தேன்.

மதிப்பெண்ணை எழுதவில்லை. மனதில் 14 இருந்தது, பதிவேட்டிலும் குறித்துவைத்தேன், தாளில் போடவில்லை. ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் செய்து 1988ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம். குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்தவுடன் பக்கத்து நாற்காலிக்காரி எவ்வளவு என்றுதான் கண் போகும், குறிப்பை யார் படிப்பார்கள்? வகுப்பில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும்.

அவள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். திருத்திய தாள் வந்ததும் முதலில் நான் பார்ப்பது குறிப்பு எழுதிய இடங்களை அல்ல, எழுதாத இடங்களை. நான் தொட்ட வரிகள் மட்டும் மாறி, பக்கத்துப் பத்திகள் அச்சு மாறாமல் இருந்தால் அது ஒட்டுப்போட்ட சட்டை. நான் ஒன்றுமே எழுதாத முன்னுரை மாறியிருந்தால் குறிப்பு வேலை செய்திருக்கிறது.

முன்னுரை மாறியிருந்தது. 'மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு பஞ்சங்களை ஒரே அதிகாரி எதிர்கொண்டார்' என்று தொடங்கியிருந்தாள். மழை விளைச்சலைக் கெடுத்தது, விளைச்சல் கெட்டதைச் சாவாக மாற்றியது நிவாரணக் கொள்கை என்று இரண்டாகப் பிரித்திருந்தாள். ரயிலைப் பற்றிய வரிக்கு நான் குறிப்பே எழுதவில்லை. அதுவும் வளர்ந்திருந்தது: ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது, ஆனால் வேலை இழந்த கூலிக்காரரிடமும் நெசவாளியிடமும் அந்த விலைக்கு வாங்கக் காசு இல்லை. கால்வாய், கூலிப் பத்திக்குள் போயிருந்தது. கால்வாய் வேலைக்கென்று தனியான கூலிக் கணக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நிவாரண வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதி, அதையும் சொல்லியிருந்தாள். இந்த நேர்மைக்காகவே ஒரு மதிப்பெண் கூட்டலாம்.

ஆனால் இப்போது வேறொரு சிக்கல். பீகாரைக் கையில் எடுத்ததும் அதையே எல்லாவற்றுக்கும் விடையாக்கிவிட்டாள். மழைக்குப் பங்கே இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது. புதிய வாதம் கிடைத்த சந்தோஷத்தில் இது நடக்கும். இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு குறிப்பு: 'பீகாரும் சென்னையும் எந்தெந்த விதத்தில் ஒன்றல்ல? உன் வாதத்தை மறுக்க நினைப்பவர் எங்கே கை வைப்பார்?'

அதற்கு அவள் கொஞ்சம் எரிச்சலோடுதான் வந்தாள். "மேடம், நீங்கதானே பீகாரை முன்னாடி கொண்டுவரச் சொன்னீங்க? இப்ப அதையே உடைக்கச் சொல்றீங்க."

"உடைக்கச் சொல்லலை. எவ்வளவு பாரம் தாங்கும்னு பாக்கச் சொல்றேன்."

"இப்படி எழுதினா பல்கலைக்கழகத் தேர்வுல மார்க் வருமா மேடம்?"

நியாயமான கேள்வி. மத்திய மதிப்பீட்டு முகாமில் ஒரு தாளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். திருத்துகிறவர் கண் சிறுதலைப்புகளைத் தேடும். வாதமாக ஓடுகிற கட்டுரையில் குறிப்புகளைத் தேடி எடுக்க அவருக்குப் பொறுமை இருக்குமா என்பது அன்றைய கட்டைப் பொறுத்தது. நான் அவளிடம் மறைக்கவில்லை. சிறுதலைப்புகளை விடவேண்டாம், ஆனால் 'காரணங்கள்', 'விளைவுகள்' என்று போடுவதற்குப் பதில் வாதத்தின் படிகளையே சிறுதலைப்பாக வை என்றேன். 'மழை எதை விளக்குகிறது', 'மழை எதை விளக்கவில்லை' என்பது போல. அவசரமாகத் திருத்துகிறவருக்கும் கண்ணில் படும், வாதமும் கெடாது. முழுத் தீர்வு இல்லைதான், இருக்கிற ஏற்பாட்டுக்குள் இதுதான் முடிகிறது.

மூன்றாம் வடிவத்தில் பீகார் தன் அளவுக்கு வந்து நின்றது. பீகாரில் பஞ்சம் சிறிய பரப்பில் வந்தது, சீக்கிரம் முடிந்தது. தெற்கில் பரப்பும் பெரிது, காலமும் நீண்டது. 1877ல் கடைசியாக மழை வந்தபிறகும் மெலிந்துபோன உடம்புகளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. ஆகவே தாராளமான நிவாரணம் இருந்திருந்தாலும் சென்னையில் பீகாரைப் போலச் சாவைத் தடுத்திருக்க முடியும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் ஒரு பவுண்டு கூலி சாவைக் கூட்டியது என்று சொல்ல முடியும் என்று முடித்திருந்தாள். 'இவ்வாறு பல காரணங்களால்' என்ற வரி காணாமல் போயிருந்தது. நான் அதைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதியிருக்கவில்லை.

18 போட்டேன். இந்த முறை தாளிலேயே எழுதினேன். இரண்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதும் கடைசிப் பக்க ஓரத்தில் இருக்கிறது: 'சென்னை மாகாணம் முழுவதும் ஒரே மாதிரி வாடியது போல எழுதியிருக்கிறாய். தஞ்சாவூர், கோதாவரிப் பாசனப் பகுதிகள் எங்கே?' காவிரியும் கோதாவரியும் பாய்ந்த ஆற்றுப்படுகைகள் பெல்லாரி, கர்னூல், சேலம் அளவுக்கு அடிபடவில்லை. மழைக்கும் கொள்கைக்கும் நடுவில் பாசனம் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, கட்டுரை அதைப் பார்க்கவே இல்லை. தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, இன்னொரு பாடத்துக்கும் அவள் படிக்கவேண்டும். நான்காவது முறை எழுதச் சொல்லவில்லை.